பாதி வார்த்தை

அந்த ஆள் அன்றைக்கு அறுபதாம் மரத்தடியில் எதிர்ப்பட்டான். முந்தின நாள் வரை அறுபத்தொன்றாம் மரத்தடிதான். ஒரு மரம் முன்னே பின்னே ஆனால் என்ன குடியா முழுகிப்போகும் என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அடைக்கலத்தால் அப்படி விட முடியாது. சமஸ்தானக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்துத் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். சமஸ்தானமே கலைந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, அவருக்குள் மட்டும் அது இன்னும் கலையவில்லை.

திருக்கோகர்ணத்தில் அவர் வீடு திருச்சி ரோட்டைப் பார்த்து இருந்தது. ரோட்டோரப் புளியமரங்களுக்கு, புளி ஏலத்துக்காக, அடிமரத்தில் கறுப்புப் பட்டை அடித்து வெள்ளையில் எண் எழுதியிருந்தார்கள். அவர் வாசலுக்கு நேரே நிற்பது பதினான்காம் மரம். வடக்கே போகப் போக எண் ஏறும். நூற்றுப்பத்தோடு மரமும் எண்ணும் முடிந்து ஒரு மதகு வரும், அதற்கப்பால் செம்மண் பொட்டல். சர்க்கரை வியாதிக்காக டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து தினமும் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பி, மதகைக் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவார். ஓய்வு பெற்ற அன்று கச்சேரியில் கொடுத்த வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி அது.

அந்த நேரத்தில் ரோட்டில் நடக்கிற மற்றவர்களை அவருக்கு அறவே பிடிக்காது. தகரப் பெட்டிக் கடை வைத்திருக்கும் ஹாஜா முகைதீன், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த இன்னாசி, வல்லத்திராக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து வடக்கே எங்கோ தயிர்ப்பானையை இறக்கிவிட்டுத் திரும்பும் அழகி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹாஜா முகைதீனும் இன்னாசியும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அவர்கள் பழக்கம் பிடித்த கதையை அடைக்கலம் பின்னாலேயே நடந்து முழுசாகப் பார்த்திருக்கிறார், பார்த்து முகம் சுளித்திருக்கிறார்.

அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதல் வாரம் இரண்டு பேரும் பார்க்காதது போல நடிக்க வேண்டும். தூரத்திலேயே கண்ணைக் கொடுத்துவிட்டால், பக்கத்தில் வருகிற வரை அந்தச் சிரிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகும். அதனால் மரத்தைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், ஆறு தப்படி இருக்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது போலத் திரும்புவார்கள். அடுத்த வாரம் ஒரு தலையசைப்பு. அதில் யார் முந்துவது என்று இரண்டு மூன்று நாள் இழுபறி. பிறகு, "பனி ஜாஸ்திங்க" என்று யாருக்கும் சேதமில்லாத ஒரு பேச்சு, அதற்கு ஒரு "ஆமாங்க". பிறகு யாராவது ஒருவர் ஒரு நாள் வராமல் போக வேண்டும். மறுநாள் மற்றவர் "நேத்து காணோமே" என்று கேட்டுவிட்டால் பாதி உறவு முடிந்தது. கேட்டவரைத் திருப்பிக் கேட்பது முக்கியம்: "ஒங்களுக்கு ஒடம்பு எப்படி?" அதன் பின் ஊர், தொழில், பிள்ளைகள். கடைசியில்தான் பெயர். அதற்குள் ஒருவர் தன் திசையை விட்டுவிட்டு அடுத்தவரோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்திருப்பார்.

இவ்வளவு மெனக்கெட்டு ஒரு டிரில் மாஸ்டரைச் சம்பாதிப்பதா என்று அடைக்கலம் நினைத்தார். அவர்கள் அவரிடமும் தலையசைத்துப் பார்த்தார்கள். அவர் மரத்தின் எண்ணைப் படித்துக்கொண்டே கடந்துவிட்டார். அவர் பெயர் என்னவென்றுகூட அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

அந்த ஆள் மட்டும் எப்படி உள்ளே நுழைந்தான் என்றால், முகஸ்துதியால்தான். ஐப்பசியில் ஒரு நாள் வடக்கேயிருந்து தெற்கே வந்தான். இவர் வயதுதான் இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெறுங்கை. முறை தவறாமல் ஒரு வாரம் வானத்தைப் பார்த்தான், அடுத்த வாரம் தலையசைத்தான். அதற்கடுத்த வாரம் அறுபத்தொன்றாம் மரத்தடியில் நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கச்சேரி ஐயாங்களா?" என்று கேட்டான்.

கச்சேரி என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அடைக்கலம் நின்றுவிட்டார்.

அதிலிருந்து தினம் ஒரு கேள்வி கேட்பான். ஒன்றே ஒன்று. கச்சேரியில் எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், வீடு ரோட்டைப் பார்த்ததா, கொல்லையில் கிணறு உண்டா. இவர் பதில் சொல்வார். சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இவனைப் பற்றித் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

கார்த்திகைக் கடைசி நாளில் அவன் முதல் முறையாக விடைபெற்றான்.

"அப்ப வாரேனுங்க."

"வாரேன்" என்று ஒருவர் சொன்னால் "போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். திருக்கோகர்ணத்தில் கைக்குழந்தைக்குக்கூட அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் வளர்ப்பார்கள். அடைக்கலத்துக்கும் தெரியும். இந்த ஆளுக்கு முழுசாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்துப் பாதியை விழுங்கினார்.

"வாங்க" என்றார்.

மறுநாள்தான் அவன் அறுபதாம் மரத்தடியில் நின்றான்.

மார்கழி பிறந்திருந்தது. பனி புளிய இலைகளில் இறங்கி மண்ணில் சொட்டுகிற சத்தம், எங்கோ ஒரு வண்டி மாட்டின் கழுத்துமணி, கோயில் பக்கமிருந்து வருகிற தசாங்கப் புகையின் வாசனை, இவற்றுக்கு நடுவே தன் கைத்தடியின் பூண் ரோட்டில் படும் டக், டக் என்ற ஓசையைக் கேட்டுக்கொண்டு நடப்பது அடைக்கலத்துக்கு இதமாகவே இருந்தது. ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு. அவன் தினம் ஒரு மரம் கிட்டே வந்துகொண்டிருந்தான். சீக்கிரம் எழுந்து தொலைக்கிறான் போலிருக்கிறது, வேலையற்றவன், என்று விட்டுவிட்டார்.

"ஐயா வீட்டுல காப்பிங்களா, நீராகாரங்களா?"

"காப்பி. சர்க்கரை இல்லாம."

"அம்மா பேரு?"

"சொர்ணவல்லி."

"அவுகளுக்கு ஒடம்பு சொகந்தானுங்களே?"

"முழங்கால் வலிம்பா. எப்பவும் எதாவது சொல்லிக்கிட்டுத்தான் இருப்பா."

"அப்ப வாரேனுங்க."

"வாங்க."

ஐம்பதாம் மரத்தடியில் வைத்துத்தான் அவரை ஒரு வாடை எட்டியது. வெகு நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் வருமே, அந்த வாடை. அவன் பக்கத்தில் வந்தபோது வந்தது, அவன் கடந்ததும் போய்விட்டது. அவனுடைய வலது கை வெறுமையாகத்தான் இருந்தது, ஆனால் எதையோ பிடித்திருப்பது போல விரல்கள் மடங்கியிருந்தன, நடக்கும்போது ஒரு தப்படி விட்டு ஒரு தப்படி அந்தக் கை முன்னால் போய் ஊன்றியது. நம்மைப் பார்த்துப் பழகுகிறான், குரங்கு, என்று அடைக்கலம் சிரித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போது அந்தச் சிரிப்பு வரவில்லை.

அவர் கச்சேரிக்காரர், சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். ஒரு நாள் வேண்டுமென்றே அரை மணி தாமதமாகக் கிளம்பினார். இந்நேரம் அவன் இவர் வீட்டைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். அவன் தாண்டவில்லை. நேற்று நாற்பத்தேழு. இன்று நாற்பத்தாறில், நிற்காமல், காத்திருக்காமல், அப்போதுதான் வருகிறவன் போல நடந்து வந்தான். மறுநாள் ஒரு மணி முன்னதாகக் கிளம்பினார். நாற்பத்தைந்து. அடுத்த நாள் போகாமல் படுத்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் நாற்பத்து மூன்று.

"நேத்து காணோமே" என்றான் அவன்.

அன்றைக்கு முதன்முதலாக அவருக்குப் பயம் வந்தது. ஒரு மரம் என்றால் ஒரு நாள். வீட்டு வாசல் பதினான்கு. இருபத்தொன்பது நாளில் இவன் வாசலுக்கு வருவான். உள்ளே சொர்ணவல்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தனியாக அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள்.

பேசாமல் கடந்துவிடலாம் என்று நினைத்தார். முடியவில்லை. அவன் "வாரேனுங்க" என்றதும் வாய் தானாக "வாங்க" என்றது. இத்தனை வருஷம் எதற்கும் யாருக்கும் தலை வணங்காத மனுஷனுக்கு ஒரு வார்த்தையை அடக்கத் தெரியவில்லை.

இருபத்திரண்டாம் மரம் வந்தபோது அவர் ஒரு காரியம் செய்தார். அவருக்கு அது சாவுக்குச் சமானம். தெற்கே திரும்பிக்கொண்டிருந்த ஹாஜா முகைதீனை நிறுத்தினார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று வருஷத்துப் பாக்கித் தலையசைப்பையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் அசைத்தார்.

"பனி ஜாஸ்திங்க" என்றார்.

ஹாஜா முகைதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இன்னாசி வானத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார் ஹாஜா முகைதீன். "சொல்லுங்க, என்ன விசயம்?"

"தெனம் எனக்கு எதிர்ல ஒரு ஆளு வாரான். வெள்ளை வேட்டி. ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்ககிட்டயும் வந்தாரு, புரட்டாசியில" என்றார் இன்னாசி. "எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னோம். நீங்க எந்த ஊருன்னு திருப்பிக் கேட்டோம். வாயே தொறக்கல. மறுநாள்லேருந்து எங்க பக்கம் வரல. அழகிகிட்டயும் அதே கதைதான். அவ பத்துக் கேள்வி திருப்பிக் கேட்டுட்டா."

"நீங்க கேட்டீங்களா?" என்றார் ஹாஜா முகைதீன்.

அடைக்கலம் மரத்தின் எண்ணைப் படித்தார்.

"சரி, வாரேன்னு சொல்றப்ப நீங்க என்னங்க சொல்லுவீங்க?"

"வாங்கம்பேன்."

"போயிட்டு வாங்கன்னு இல்ல?"

"வாங்க."

ஹாஜா முகைதீனின் முகம் மாறியது. உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டார்.

"இம்புட்டு நாளா அவரை யாரும் போகச் சொல்லவே இல்லையா?" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் விலகி நின்றார். "நாளைக்கு முழுசாச் சொல்லிப் பாருங்க. எங்களுக்கு வேற என்ன தெரியும்? பொட்டி விக்கிறவன் நான்." அவர் கொஞ்சம் யோசித்து, மரியாதைக்குக் கேட்டார். "ஒங்க பேரு என்னன்னு தெரியலையே?"

தகரப் பெட்டிக் கடைக்காரனிடம் யோசனை கேட்டதே போதும், பெயரையும் சொல்ல வேண்டுமா? அடைக்கலம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்துவிட்டார். வீட்டை நெருங்கும்போதுதான் பயம் மறுபடியும் பிடித்தது. அதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

முழுசாகச் சொல்லத் தினமும் முயன்றார். "போ" என்ற எழுத்து வாய்க்குள் எழும்பும், பல்லில் இடித்து நிற்கும். இருபத்தொன்று. இருபது. பத்தொன்பது. அவன் நடையில் இப்போது ஒரு ஓசை சேர்ந்திருந்தது. டக். டக். கையில் தடி இல்லை. ஓசை மட்டும் இருந்தது. தன் தடியின் ஓசை முன்பு போலக் கேட்கவில்லையே என்று அடைக்கலத்துக்குப் பட்டது. குனிந்து பூண் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஊன்றினார். சத்தம் வரவில்லை.

பதினாறாம் மரத்தடியில் முழு பலத்தையும் கூட்டிச் சொல்லிவிட்டார்.

"போயிட்டு வாங்க."

வியர்த்துவிட்டது. அவன் நின்றான். வருத்தத்தோடு சிரித்தான்.

"போயிட்டுத்தாங்க வந்திருக்கேன்" என்றான்.

அன்று முழுக்க அவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். சொர்ணவல்லி என்னவென்று கேட்டாள். "ஒனக்கென்ன தெரியும்" என்றார். நாற்பது வருஷமாக அவளுக்கு அவர் கொடுத்த பதில் அது ஒன்றுதான்.

பதினைந்து. அங்கிருந்து பார்த்தால் அவர் வீட்டுச் சமையற்கட்டின் சன்னல் வெளிச்சம் தெரியும். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு கேள்வியாவது கேட்டுவிட வேண்டும். இத்தனை நாள் கேட்காததை எல்லாம் சேர்த்து ஒன்றாகக் கேட்டார்.

"ஒன் பேரு என்ன?"

"ஐயா ஒங்க பேரையே இன்னும் சொல்லலையேங்க."

முறை அதுதான். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவரும் சொல்லித்தான் ஆக வேண்டும். பேரம் படிந்துவிட்டது என்று நினைத்து அவசரமாகச் சொன்னார்.

"அடைக்கலம். ஒன் பேரு?"

"அதுதாங்க" என்றான் அவன். "அப்ப, நாளைக்கு வாரேனுங்க."

"வாங்க" என்றது அடைக்கலத்தின் வாய்.

தை பாதி ஆகியிருந்தது. மறுநாள் அவர் நடக்கப் போகவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கதவைத் திறக்காதே என்று சொர்ணவல்லியிடம் சொன்னார். வாசல் தெளிக்க வேண்டாமா என்றாள். வேண்டாம் என்றார். கடிகாரம் ஓடியது. பனி சொட்டியது. வண்டி மாட்டின் மணி வந்தது, போயிற்று.

டக்.

தூரத்தில். வடக்கே.

டக். டக்.

ஆணியில் கைத்தடியைத் தேடினார். ஆணி மட்டும் இருந்தது.

வாசலுக்கு வந்தால்தானே உள்ளே நுழைவான். ரோட்டிலேயே மறித்துவிடலாம். அப்படித்தான் அவர் நினைத்தார். தாழை நீக்கிப் படியிறங்கி, கேட்டைத் தாண்டி, பதினான்காம் மரத்தடியில் கையை விரித்துக்கொண்டு நின்றார். எதிரே வந்தவன் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். ஆறு தப்படியில் கண்ணைக் கொடுத்தான். தலையசைத்தான். தினமும் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் எப்படிக் கடப்பார்களோ அப்படி, தோள் உரசாமல், அவர்கள் கடந்தார்கள். பூட்டிய வீட்டின் வாடை வந்தது. இந்த முறை போகவில்லை. அடைக்கலம் தன் கையை மோந்து பார்த்தார். வாடை அங்கிருந்துதான் வந்தது.

கேட் கிரீச்சிட்டது.

ஹாஜா முகைதீனும் இன்னாசியும் அந்த நேரத்தில் அங்கே வந்தார்கள். அழகி தயிர்ப்பானையோடு பின்னால் வந்தாள்.

"பனி கொறஞ்சிருக்குங்க" என்று கேட்டுக்கு உள்ளே நின்றவர் சொன்னார். "அன்னிக்குக் கேட்டீங்களே, சொல்லாமப் போயிட்டேன். மனசு சரியில்ல. என் பேரு அடைக்கலம். ஒங்க பேருங்க?"

"அடைக்கலமா?" ஹாஜா முகைதீனின் முகம் மலர்ந்தது. "மூணு வருசமாச் சேர்ந்தாப்புல நடக்குறோம், பேரு தெரியாமப் போச்சே. நான் ஹாஜா முகைதீன். இவரு இன்னாசி. ஒங்களுக்கு ஒடம்பு இப்ப எப்படிங்க?"

"நல்லா இருக்கேன். ஒங்களுக்குங்க?"

நான்தான் அடைக்கலம், என்று ரோட்டில் நின்றவன் சொன்னான். குரல் வந்தது. அவர்கள் திரும்பிப் பார்க்கவும் செய்தார்கள். ஹாஜா முகைதீன் வானத்தைப் பார்த்தார். இன்னாசி மரத்தின் எண்ணைப் படித்தார். அழகி பானையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒதுங்கி நடந்தாள். முதல் வாரத்தில் ஓர் அந்நியனைப் பார்க்காதது போல நடிக்க வேண்டும். அவர்கள் முறை தவறாதவர்கள்.

சொர்ணவல்லி வாசலுக்கு வந்தாள். கையில் காப்பி டம்ளர். கேட்டருகே நின்றவர் அதை வாங்கிக்கொண்டார்.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நாற்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. சொர்ணவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அது யார் முகம் என்று அவளுக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று ரோட்டில் நின்றவனால் சொல்ல முடியவில்லை. "இன்னிக்குத் தேவலைங்க" என்றாள்.

சொர்ணம், என்று அவன் கூப்பிட்டான்.

அவள் ரோட்டைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அறியாத ஆம்பளையைப் பார்த்தால் மூடுவது போல.

"யாருங்க அது?" என்றாள்.

"தெரியல. பாவம், வடக்கே போறவரு போல" என்றார் அவர். காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மரியாதையாக, ஒரு எழுத்தும் விழுங்காமல், சொன்னார்.

"போயிட்டு வாங்க."

அவன் கால்கள் திரும்பின.

அவன் திருப்பவில்லை. திரும்பின. வடக்கே. வெறுங்காலில் பனிமண் ஒட்டியது. வலது கை காற்றில் எதையோ பிடித்து ஊன்றியது.

பதினைந்து.

பதினாறு.

முப்பது. நாற்பத்து மூன்று. அறுபத்தொன்று.

பின்னால் கேட் சாத்துகிற சத்தம் இவ்வளவு தூரத்துக்கும் கேட்டது.

நூற்றுப்பத்து.

மதகு. தட்டக் கையில் தடி இல்லை. கால்கள் நிற்கவில்லை. மதகுக்கு அப்பால் செம்மண் பொட்டலில் வரிசை வரிசையாக ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் வெள்ளை வேட்டி. எல்லாரும் தெற்கே பார்த்து. அவன் தன் இடத்தில் போய் நின்றதும், பக்கத்தில் நின்றவர்கள் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.